எல்இடி பல்பு மாட்டியதும் இண்டிகேட்டர் ஏன் படபடக்கிறது?

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் தன் பைக்கைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். முன்பக்க இண்டிகேட்டர்களில் இருந்த 10 வாட் பல்புகளைக் கழற்றிவிட்டு, இரண்டு எல்இடி பல்புகளை அவனே மாட்டியிருந்தான். சுவிட்சைத் தள்ளியதும் இண்டிகேட்டர் படபடவென்று அடித்தது. “அண்ணா, ரிலே போய்விட்டதென்று நினைத்துப் புதிது வாங்கி மாட்டினேன். அதுவும் இப்படியேதான் அடிக்கிறது. கடையில் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார்களா?” என்று கேட்டான்.

இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் கருவிதான் ரிலே. பழைய ரிலேயும் கெடவில்லை, புதியதும் மட்டமில்லை. இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன: “இந்தப் பக்கத்தில் ஒரு பல்பு எரியவில்லை.” எரிவதை நாம் பார்க்கிறோம். ரிலேவுக்கு வெளிச்சம் தெரியாது. தன் வழியாக ஓடும் மின்னோட்டம் மட்டும்தான் தெரியும். அந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் எல்இடி மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை வரிசையாக அவிழ்த்துவிடலாம். அந்தப் பைக்கையே எடுத்துக்கொண்டு, எந்த அறிகுறிக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

கண்ணுக்கு வேகமாகத் தெரிவதை நம்ப வேண்டாம். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு 30 விநாடிக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஐ.நா.வின் 48ஆம் எண் வாகன விளக்கு ஒழுங்குமுறை நிமிடத்துக்கு 90 முறை, 30 கூடலாம் அல்லது குறையலாம் என்கிறது. அதாவது 60 முதல் 120 வரை சரியான வேகம். அந்தப் பைக்கில் 30 விநாடிக்கு 88 முறை வந்தது, நிமிடத்துக்கு 176. பழைய பல்புகளைத் திரும்ப மாட்டி எண்ணியபோது 84. ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த இரட்டிப்பு தற்செயலாக வருவதில்லை. பல்பு போனால் இப்படி அடிக்க வேண்டும் என்றுதான் ரிலேவை வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே 160, 180 என்று எண்ணிக்கை வந்தால் ரிலே எச்சரிக்கிறது என்று பொருள். 130, 140 என்று இடைப்பட்ட எண் வந்தாலோ, ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தாலோ, லூஸ் இணைப்பையோ தேய்ந்துபோன ரிலேவையோ சந்தேகியுங்கள்.

ரிலே எப்படித் தெரிந்துகொள்கிறது?

இப்போதைய எலக்ட்ரானிக் ஃபிளாஷர் ரிலேவுக்குள் மூன்று உறுப்புகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஒன்று, ஒரு சிறிய கடிகாரம். ஒரு கெபாசிட்டர் மெதுவாக நிரம்பி, காலியாகி, மறுபடி நிரம்புவதுதான் அதன் துடிப்பு. இரண்டாவது, அந்தத் துடிப்புக்கு ஏற்ப விளக்குகளுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச். மூன்றாவதுதான் நம் கதையின் நாயகன்: விளக்குகளுக்குப் போகும் பாதையில் வரிசையாக வைக்கப்பட்ட மிகச் சிறிய மின்தடை. ஓமில் நூறில் சில பங்குதான் இருக்கும். பல ரிலேக்களில் வெறும் கம்பித் துண்டாகவோ சர்க்யூட் போர்டில் ஒரு செப்புக் கோடாகவோ இருக்கும்.

அதன் வழியே மின்னோட்டம் போகும்போது இரு முனைகளுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் உண்டாகிறது. மின்தடை 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பல்பும் எரிந்து 1.8 ஆம்பியர் போனால் 90 மில்லிவோல்ட். ஒரு பல்பு போய் 0.95 ஆம்பியர் மட்டும் போனால் 47 மில்லிவோல்ட். இரண்டுக்கும் நடுவில், 70 மில்லிவோல்ட் என்ற மாதிரி ஒரு எல்லைக்கோட்டை உள்ளே இருக்கும் சில்லு வைத்திருக்கிறது. கோட்டுக்கு மேலே இருந்தால் எல்லாம் நலம். கீழே இறங்கினால் கெபாசிட்டர் நிரம்பும் வேகத்தைக் கூட்டிவிடுகிறது, சிமிட்டல் இரட்டிப்பாகிறது. தனி எச்சரிக்கை விளக்கோ கூடுதல் ஒயரோ இல்லாமல், ஓட்டுநருக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. சில ரூபாய்ச் சில்லுக்குள் இவ்வளவு யோசனையை வைத்தவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. இழை பல்பு குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு. சுவிட்ச் போட்ட கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். அந்தக் கணத்தில் அளந்தால் ஒரு பல்பே இரண்டு பல்பு போலத் தெரியும். அதனால் சில்லு சற்றே பொறுத்திருந்து, இழை சூடேறிய பிறகு அளக்கிறது.

ரிலே பார்ப்பதை நீங்களும் பார்க்கலாம்

இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரிலேவைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு, பேட்டரியிலிருந்து வரும் ஒயரையும் விளக்குகளுக்குப் போகும் ஒயரையும் மீட்டரின் இரண்டு முனைகளால் இணையுங்கள். சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், இண்டிகேட்டர் சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் விளக்குகள் சிமிட்டாமல் நின்று எரியும். மீட்டரில் வருவதுதான் ரிலே வழக்கமாகச் சுமக்கும் மின்னோட்டம். முடிந்ததும் சிவப்பு முனையை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துவிட்டால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் இல்லாத மலிவு மீட்டராக இருந்தால் மீட்டரே போகும்.

அந்தப் பைக்கில் இரண்டு இழை பல்புகளோடு 1.8 ஆம்பியர் வந்தது. மீட்டர் போர்டில் இருக்கும் சிறிய அறிவிப்பு விளக்கும் இதில் சேர்த்தி. முன்பக்க பல்பைப் பிடுங்கினால் 0.95. பிடுங்கிய இடத்தில் எல்இடியை மாட்டினால் 1.05.

பையனிடம் அந்தக் கடைசி இரண்டு எண்களையும் காட்டினேன். பல்பே இல்லாததற்கும் எல்இடி இருப்பதற்கும் பத்தில் ஒரு ஆம்பியர்தான் வித்தியாசம். ரிலேவின் எல்லைக்கோடு இரண்டுக்கும் மேலே இருக்கிறது. அதன் கணக்கில், அவன் மாட்டிய எல்இடியும் அறுந்துபோன பல்பும் ஒன்றுதான். அதே வகைப் புது ரிலே அதே பதிலைச் சொன்னதில் வியப்பே இல்லை.

அறிகுறி: இரண்டு பக்கமும் வேகம்; ஹசார்ட் போட்டால் சரி

முன்பக்கமோ பின்பக்கமோ மட்டும் எல்இடி மாற்றிய வண்டிகளில் இது வரும். ஹசார்ட் சுவிட்சைப் போட்டு நான்கும் ஒன்றாக எரியும்போது இரண்டு இழை பல்புகள் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன, மின்னோட்டம் கோட்டைத் தாண்டிவிடுகிறது, சிமிட்டல் இயல்பாகிறது. வேறெந்தச் சோதனையும் தேவையில்லை. ரிலே நல்லது, ஒயரிங் நல்லது, சுமைதான் குறைவு என்று இதிலேயே உறுதியாகிவிடும். ஹசார்ட் வசதி இருக்கும் வண்டியில் நான் முதலில் தள்ளிப் பார்ப்பது அந்தச் சுவிட்சைத்தான்.

நான்கும் எல்இடியாக இருந்தால் ஹசார்டிலும் வேகமாகவே அடிக்கும். அப்போது மேலே சொன்ன மீட்டர் சோதனைக்குப் போகலாம்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் வேகம்

இரு பக்கமும் ஒரே வகை பல்பு இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால், எல்இடியைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே ஏதோ எரியவில்லை, அல்லது அரைகுறையாக எரிகிறது. மழைக்காலம் முடிந்ததும் இப்படி வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஹோல்டருக்குள் பச்சை பூத்திருக்கும், அல்லது இண்டிகேட்டர் தண்டிலிருந்து சட்டத்துக்குப் போகும் எர்த் ஒயரின் முனை துருவேறியிருக்கும். ஹோல்டரை உப்புத்தாளால் சுரண்டி, எர்த் முனையைப் பளபளப்பாக்கி இறுக்கினால் போதும். எல்இடி பல்பின் அடிப்பகுதி சில ஹோல்டர்களில் சற்றுத் தளர்வாக உட்காரும். மேடு பள்ளத்தில் மட்டும் வேகம் மாறினால் அதைக் கவனியுங்கள்.

அறிகுறி: எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு வேகம், முறுக்கினால் வேறு வேகம்

சுமை எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பேட்டரி 12 வோல்ட்டை ஒட்டி நிற்கும். முறுக்கினால் 14ஐத் தாண்டும். மின்னழுத்தம் ஏற ஏற மின்னோட்டமும் ஏறிக் கோட்டைத் தாண்டிவிடும். நல்ல சில்லுகள் பேட்டரி மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தம் கோட்டையும் நகர்த்திக்கொள்ளும்; எல்லா ரிலேயும் அப்படி இல்லை. கணக்குப் போடாமல் ஏதோ ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்த வண்டிகளில்தான் இதை அதிகம் பார்க்கிறேன்.

அறிகுறி: எல்இடி எரிகிறது, ஆனால் சிமிட்டவே இல்லை

இது பழைய வண்டிகளின் கதை. வட்டத் தகர டப்பா மாதிரி இருக்கும் வெப்ப ஃபிளாஷரில் சில்லு கிடையாது. விளக்கின் மின்னோட்டமே ஒரு சூடேற்றும் கம்பி வழியாகப் போய், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டையைச் சுடவைக்கிறது. சூட்டில் பட்டை வளையும், இணைப்பு விடுபடும், விளக்கு அணையும். ஆறியதும் பட்டை நிமிர்ந்து மறுபடி இணையும். இழை பல்புகளின் சுமைக்கு ஏற்றபடி பட்டையைத் தயாரித்திருப்பார்கள். எல்இடியின் சொற்ப மின்னோட்டம் அதைச் சுடவைக்கவே போதாது. பட்டை வளையாது, விளக்கு நின்று எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இதே எல்இடி ஒரு வண்டியில் படபடப்பையும் இன்னொரு வண்டியில் அசையாத வெளிச்சத்தையும் தருகிறது. இந்த வகை ரிலேவைச் சரிக்கட்டுவதில் நேரம் செலவிட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ரெசிஸ்டரா, ரிலேவா?

குறைந்த சுமையைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. எல்இடிக்கு இணையாக ஒரு மின்தடையைச் சேர்த்து, பழைய பல்பு இழுத்த மின்னோட்டத்தைப் பொய்யாக இழுக்க வைப்பது ஒன்று. சுமையைப் பார்க்காத ரிலேவாக மாற்றுவது இன்னொன்று.

ரெசிஸ்டரின் கணக்கு எளிது. 10 வாட் பல்புக்கு ஈடானது வேண்டுமென்றால், 12 × 12 ÷ 10 = 14.4, கடையில் கிடைக்கும் 15 ஓம். காரில் 21 வாட் பல்புக்கு 12 × 12 ÷ 21 = 6.9, அங்கே 6 ஓம், 50 வாட் என்று தங்க நிற அலுமினிய உறையில் விற்பார்கள். நான்கும் எல்இடியாக மாறிய பைக்கில் பக்கத்துக்கு ஒரே ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் போட்டு ஒப்பேற்றுவோரும் உண்டு. எல்இடிகளின் 0.3 ஆம்பியரோடு ரெசிஸ்டரின் 1.2 ஆம்பியர் சேர்ந்து 1.5 ஆகும், நம் ரிலேவின் கோட்டைத் தாண்டிவிடும். அதே இடத்தில் 15 ஓம் போட்டால் 1.1தான் வரும்; படபடப்பு நிற்காது. ‘ரெசிஸ்டர் போட்டும் சரியாகவில்லை’ என்று வருபவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தக் கணக்குதான் பிசகியிருக்கும்.

இன்னொரு பகுதியினர் ரெசிஸ்டரை இண்டிகேட்டர் ஒயரின் நடுவில் வெட்டி வரிசையாகச் சேர்த்திருப்பார்கள். அப்படிச் செய்தால் மின்னோட்டம் கூடாது, குறையும். எல்இடி மங்கும், படபடப்பும் நிற்காது. ரெசிஸ்டரின் ஒரு கால் இண்டிகேட்டர் ஒயரில், மறு கால் எர்த்தில் இருக்க வேண்டும். எல்இடிக்கு ஒரு பாதை, ரெசிஸ்டருக்கு ஒரு பாதை.

என் கவலையெல்லாம் சூட்டைப் பற்றியதுதான். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டில் 10 ஓம் ரெசிஸ்டர், விளக்கு எரியும் கணத்தில் 19.6 வாட்டை வெப்பமாக்குகிறது. பாதி நேரம் அணைந்திருப்பதால் சராசரி 10 வாட். அதன் மீது எழுதியிருக்கும் தாங்குதிறனும் 10 வாட் என்றால், அது தன் எல்லையில் நிற்கிறது என்று பொருள். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் கை வைக்க முடியாது. ரிலேவின் இணைப்பு ஒட்டிக்கொண்டு விளக்கு நின்று எரியத் தொடங்கினால் எல்லையை இரண்டு மடங்கு தாண்டிவிடும். இதைப் பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் இன்சுலேஷன் டேப் சுற்றிச் செருகி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. பேனல் உருகி ஒயர் வெந்துபோன வண்டிகள் என் கைக்கே வந்திருக்கின்றன. அலுமினிய உறை ரெசிஸ்டரில் எழுதியிருக்கும் 50 வாட்டும் அதை உலோகத் தகட்டில் திருகி வைத்தால்தான் செல்லும். காற்றில் தொங்கவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. போட்டே தீர வேண்டுமென்றால் சட்டத்தின் உலோகத்தில் திருகுங்கள்; ஒயர்களையும் பெட்ரோல் குழாயையும் விலக்கி வையுங்கள்.

பைக்குக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பல்பை வாங்கிவிட்டு, மிச்சமானதை ஒரு ரெசிஸ்டரில் எரித்துத் தள்ளுவதில் என்ன பயன்? எல்இடி ரிலே என்று கேட்டால் கிடைப்பது, கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அளவிடும் மின்தடையை விட்டுவிட்ட ரிலே. 0.3 ஆம்பியரும் அதற்கு ஒன்றுதான், 3 ஆம்பியரும் ஒன்றுதான்.

அறிகுறி: எல்இடி ரிலே மாட்டியும் சிமிட்டவில்லை

கால்களைப் பாருங்கள். பழைய ரிலே இரண்டு கால்களில் வேலை செய்திருக்கலாம். அதன் சில்லுக்கு வேண்டிய மின்சாரம் விளக்குகளின் வழியாகவே எர்த்தை அடைந்துவிடும். எல்இடி ரிலேக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக ஒரு எர்த் வேண்டும். பேட்டரிக்குப் பி, விளக்குக்கு எல், எர்த்துக்கு ஈ என்ற ஆங்கில எழுத்துகள் ரிலேவின் அடியில் இருக்கும். ஐரோப்பிய முறையில் அவையே 49, 49ஏ, 31 என்ற எண்கள். ஈ என்ற காலிலிருந்து ஒரு ஒயரைச் சட்டத்தின் போல்டில் இறுக்காமல் விட்டால், ரிலே உயிரற்றுக் கிடக்கும் அல்லது விளக்கு நின்று எரியும்.

சாக்கெட்டில் மூன்று துளைகள் இருக்கிறதே என்று அப்படியே செருகிவிடுவதும் ஆபத்து. சில வண்டிகளில் மூன்றாவது துளை மீட்டர் போர்டு விளக்குக்குப் போகிறது, எர்த்துக்கு அல்ல. ஒரே உருவத்தில் இருக்கும் இரண்டு ரிலேக்களில் எல், ஈ கால்கள் இடம் மாறியும் இருக்கும். செருகுவதற்கு முன் டெஸ்ட் லாம்பை எர்த்தில் பிடித்து ஒவ்வொரு துளையிலும் தொட்டுப் பாருங்கள். சாவி போட்டதும் எரிவது பேட்டரித் துளை. பிறகு டெஸ்ட் லாம்பின் மறுமுனையைப் பேட்டரியின் பாசிட்டிவுக்கு மாற்றி, இண்டிகேட்டர் சுவிட்சை நடுவில் வைத்துத் தொடுங்கள். நன்றாக எரிவது எர்த். எழுத்தும் துளையும் பொருந்தவில்லை என்றால் சாக்கெட்டிலிருந்து ஒயரைக் கழற்றி இடம் மாற்ற வேண்டும்.

அறிகுறி: ஒரு பக்கம் போட்டால் நான்கும் சிமிட்டுகின்றன

பையன் இரண்டு நாள் கழித்துப் பின்பக்க எல்இடிகளையும் எல்இடி ரிலேவையும் வாங்கி வந்தான். எல்லாவற்றையும் மாட்டினோம். நிமிடத்துக்கு 80 என்று அழகாகச் சிமிட்டியது. ஆனால் இடது பக்கம் தள்ளினால் வலது பக்கமும் சேர்ந்து சிமிட்டியது. “அண்ணா, சுவிட்ச் ஷார்ட் ஆகிவிட்டதா?” என்றான். சுவிட்சில் ஒரு குறையும் இல்லை. இதைப் பலர் ஒயரிங் கோளாறு என்று நினைத்து வண்டியையே பிரித்துப் போடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மீட்டர் போர்டில் இடதுக்கும் வலதுக்கும் பொதுவாக ஒரே அறிவிப்பு விளக்கு இருக்கும் வண்டிகளில் மட்டும் இது வரும். அந்த விளக்குக்குத் தனி எர்த் கிடையாது. அதன் ஒரு கால் இடது இண்டிகேட்டர் ஒயரிலும் மறு கால் வலது இண்டிகேட்டர் ஒயரிலும் இருக்கிறது. இடது பக்கம் தள்ளினால், மின்சாரம் இடது ஒயரிலிருந்து அறிவிப்பு விளக்கைக் கடந்து, வலது ஒயருக்குப் போய், வலது பல்புகளின் வழியாக எர்த்தை அடைகிறது. வலது பக்கம் தள்ளினால் இதே பயணம் எதிர்த்திசையில். ஒரு ஒயரை மிச்சப்படுத்திய கெட்டிக்கார ஏற்பாடு.

இழை பல்புகள் இருந்தவரை இதில் சிக்கல் இல்லை. அறிவிப்பு விளக்கு 1.7 வாட் என்றால் அதன் வழியாக 0.14 ஆம்பியர்தான் போகும். எதிர்ப்பக்கத்து 10 வாட் பல்புகள் குளிர்ந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து ஒரு ஓம்கூட இருக்காது. அவற்றின் மேல் விழுவது 0.1 வோல்ட் அளவுதான். அவை வெறும் கம்பி போல நின்று, எர்த்துக்கு வழிவிட்டன. எல்இடியோ அந்த 0.14 ஆம்பியரிலேயே நன்றாக எரியக்கூடியது. வழிவிட வேண்டியவை இப்போது விளக்காகவே எரிகின்றன. அறிவிப்பு விளக்கு மங்கிப்போவதும் அதனால்தான். அதற்குரிய மின்னழுத்தத்தை எதிர்ப்பக்க எல்இடிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன.

தீர்வு இரண்டு டயோடுகள். கடையில் ‘4007’ என்று கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். ஒரு ஆம்பியர் தாங்கும், விலையும் சொற்பம். அறிவிப்பு விளக்கின் இரண்டு ஒயர்களையும் கழற்றுங்கள். இடது ஒயரில் ஒரு டயோடு, வலது ஒயரில் ஒரு டயோடு; வெள்ளி வளையம் இருக்கும் பக்கம் விளக்கை நோக்கி இருக்க வேண்டும். வளையப் பக்கக் கால்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து விளக்கின் ஒரு காலில் பற்றவையுங்கள். விளக்கின் மறு காலைச் சட்டத்தில் எர்த் செய்யுங்கள். இப்போது எந்தப் பக்கத்திலிருந்தும் விளக்குக்கு மின்சாரம் வரும். விளக்கைக் கடந்து எதிர்ப்பக்கத்துக்குப் போகாது. டயோடில் 0.7 வோல்ட் குறைவது கண்ணுக்குத் தெரியாது. பற்றவைத்த இடத்தில் வெப்பச் சுருங்கு உறையைப் போட்டு மூடுங்கள். மீட்டர் போர்டுக்குப் பின்னால் மழைநீர் இறங்கும்.

ஒரு டயோடைத் திருப்பிப் போட்டுவிட்டால் அந்தப் பக்கம் போடும்போது அறிவிப்பு விளக்கு எரியாது, மறுபக்கம் போட்டால் நான்கும் சிமிட்டும். வேறெதுவும் கெடாது, கழற்றித் திருப்பிவிடலாம். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி அறிவிப்பு விளக்கு இருக்கும் வண்டிகளில் இந்த வேலையே தேவையில்லை.

கார்களில்

பழைய கார்களில் ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ரிலே கிடைக்கும்; மேலே சொன்னதெல்லாம் அங்கேயும் பொருந்தும், சுமை மட்டும் அதிகம். புதிய கார்களில் பெரும்பாலும் ரிலேவே இல்லை. பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற பெட்டி நேரடியாக விளக்குகளை இயக்குகிறது. காதில் விழும் டிக் டிக் ஓசைகூட ஸ்பீக்கரிலிருந்து வருவதாக இருக்கலாம். மின்னோட்டத்தை அளப்பதும் அதே பெட்டிதான். சில பெட்டிகள் விளக்கு அணைந்திருக்கும்போதும் நுண்ணிய துடிப்புகளை அனுப்பி இழையைச் சோதிக்கும். எல்இடி மாட்டினால் அந்தத் துடிப்பில் லேசாக மினுக்கும். இங்கே மாற்ற ரிலே இல்லாததால், உலோகத்தில் திருகிய ரெசிஸ்டரோ, வண்டிக்கு உரிய கருவியை இணைத்து எல்இடி என்று அமைப்பை மாற்றுவதோதான் வழி. ஒயரை வெட்டி ஒட்டும் வேலையை அந்தப் பெட்டியின் அருகில் செய்ய வேண்டாம்.

படபடப்பு நின்ற பிறகு

வண்டியைக் கொடுக்கும்போது பையனிடம் ஒன்றைச் செய்து காட்டினேன். இடது முன் எல்இடியைப் பிடுங்கிவிட்டு இண்டிகேட்டரைப் போட்டேன். பின்பக்கம் மட்டும் சிமிட்டியது. வேகம் அதே 80. மீட்டர் போர்டு விளக்கும் எப்போதும் போலவே அடித்தது. எல்இடி ரிலே மாட்டிய வண்டியில் ஒரு விளக்கு போனால் இனி யாரும் சொல்லப்போவதில்லை. ரெசிஸ்டர் போட்டிருந்தாலும் இதே கதிதான்: எல்இடி செத்துப்போனாலும் ரெசிஸ்டர் தன் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ரிலே எல்லாம் நலம் என்றே நினைக்கும். முன்பு ரிலே செய்துவந்த காவலை இப்போது வண்டிக்காரர்தான் செய்ய வேண்டும்.

அதற்கு அவனுக்குச் சொன்ன வழி இது: வாரம் ஒருமுறை, இருட்டிய பிறகு, வீட்டுச் சுவருக்கு ஓரடி முன்னால் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் போட்டுப் பார். சுவரில் முன்பக்க வெளிச்சம் இரண்டு இடத்திலும் விழுகிறதா என்று தெரியும். பிறகு வண்டியைத் திருப்பி நிறுத்திப் பின்பக்கத்தையும் பார். எல்இடி பல்புக்குள் பல சிறு எல்இடிகள் இருப்பதால், ஒட்டுமொத்தமாக அணைவதற்கு முன் அவற்றில் ஒரு வரிசை மட்டும் போவதுண்டு. ஒரு பக்கத்துச் சுவர் வெளிச்சம் மறுபக்கத்தைவிட மங்கலாகத் தெரிந்தால் அந்த பல்பை அப்போதே மாற்றிவிடு.